நாலு நிமிஷப் பதிலும் பத்து வருஷப் பதிலும்

நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் கூட்டம் அலைமோதிய நாட்களில் `sql` டேகைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா வேடிக்கை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். யாரோ கேள்வி போடுகிறார், நாலு நிமிஷத்துக்குள் மூன்று பதில் வந்து விழுகிறது, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இரண்டு வரி, அதில் முதலில் வந்ததற்குப் பச்சை டிக் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து ஒருவர் நிதானமாக, முழுசாகச் சோதித்துப் பார்த்து நாலாவது பதில் போடுகிறார். அதை அன்றைக்கு யாரும் சீண்டுவதில்லை.

அப்படியானால் வேகமாக டைப் அடிப்பவருக்குத்தானே அங்கே பெயர் கிடைக்கும்? அந்தத் தளத்திலேயே ஆரம்ப வருஷங்களில் இதைப் பெரிய குறையாகப் பேசினார்கள், துப்பாக்கியை முதலில் உருவுகிற கௌபாய் என்று கிண்டலாகப் பெயரும் வைத்தார்கள். குறை உண்மைதான். ஆனால் அது முதல் நாள் கதை. ஐந்து வருஷம் கழித்து அதே பக்கத்தைத் திறந்தால் பல இடங்களில் அந்த நாலாவது பதில்தான் மேலே உட்கார்ந்திருக்கும். ஏன் என்று புரிய, முதலில் புள்ளிக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்பால்ஸ்கியும் 2008இல் தொடங்கிய தளம் அது. கணக்குத் திறந்ததும் உங்கள் கையில் 1 புள்ளி. நீங்கள் போட்ட பதிலுக்கு ஒருவர் மேல் ஓட்டுப் போட்டால் 10, கேள்வி கேட்டவர் அதை ஏற்று டிக் போட்டால் 15. கீழ் ஓட்டு விழுந்தால் 2 போகும், அடுத்தவர் பதிலுக்குக் கீழ் ஓட்டுப் போடுகிறவருக்கும் 1 போகும். சும்மா கோபத்தில் குத்திவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக வைத்த சின்ன அபராதம் இது. இந்தப் புள்ளிதான் ரெபுடேஷன், சுருக்கமாக ரெப். 15 வந்தால் நீங்களும் மேல் ஓட்டுப் போடலாம், 50 வந்தால் எங்கே வேண்டுமானாலும் கமென்ட் போடலாம், 125இல் கீழ் ஓட்டு, 2000இல் மற்றவர் பதிலை யார் அனுமதியும் இல்லாமல் திருத்தலாம், 3000இல் கேள்வியை மூடுவதற்கு ஓட்டளிக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஓட்டுகளால் ஒரு நாளைக்கு 200 புள்ளிக்கு மேல் ஏறாது. டிக்குக்கு வரும் 15, பவுண்ட்டி என்ற பரிசுப் புள்ளி இரண்டும் இந்த வரம்புக்கு வெளியே. மற்றபடி இருபது ஓட்டோடு அன்றைய வியாபாரம் முடிந்தது. ஒரே பதில் ஒரே நாளில் ஐந்நூறு ஓட்டு வாங்கினாலும் கைக்கு வருவது 200தான். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பதில் வாரத்துக்கு ஒரே ஒரு ஓட்டு வாங்குகிறது, யார் கண்ணிலும் படாத அளவு மெதுவாக, ஆனால் நிற்காமல். வருஷத்துக்கு 520. அப்படிப் பத்துப் பதில் இருந்தால் நீங்கள் தூங்கினாலும் வருஷத்துக்கு 5200 ஏறும். வைரல் ஆவதற்கு மதிப்பைக் குறைத்து, நீண்ட நாள் பயன்படுவதற்கு மதிப்பைக் கூட்டுகிற ஏற்பாடு. வேண்டுமென்றே இப்படி யோசித்துச் செய்தார்களோ இல்லையோ, விளைவு அதுதான்.

அந்த வாராந்திர ஓட்டு யார் போடுவது? கேள்வி கேட்டவர் இல்லை, அவர் அன்றைக்கே போய்விட்டார். கூகுளில் எரர் மெசேஜை ஒட்டித் தேடி வந்து விழுகிறவர்கள்தான் போடுகிறார்கள். அவர்கள் கேள்வியின் முதல் வரியைப் படிப்பார்கள், தன் பிரச்சினைதானா என்று பார்ப்பார்கள், பிறகு பதில்களில் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை செய்ததற்கு ஓட்டு. இரண்டு வரிப் பதில் கேள்வி கேட்டவரின் டேட்டாவுக்கு வேலை செய்திருக்கும், தேடி வந்தவரின் டேட்டாவுக்குச் செய்யாது. இங்கேதான் நாலாவது பதில் மெதுவாக முந்துகிறது. 2021இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை டிக் வாங்கிய பதில் எப்போதும் முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டை எடுத்துவிட்டார்கள், ஓட்டு அதிகம் உள்ளதுதான் இப்போது மேலே. முதல் நாள் டிக்கின் பிடி அத்தோடு இன்னும் தளர்ந்தது.

சரி, நிற்கிற பதில் என்றால் என்ன? கேள்வி ஒன்றையே எடுத்து முழுசாகப் பார்க்கலாம். இது எல்லா டேட்டாபேஸ்காரர்களும் ஒரு முறையாவது விழுந்த குழி.

ஒருவர் கேட்கிறார்: எல்லா வாடிக்கையாளர் பெயரும் வேண்டும், பக்கத்தில் ஏப்ரல் 1 முதல் அவர் போட்ட ஆர்டர் எத்தனை என்று வேண்டும், ஆர்டரே இல்லாதவருக்கு 0 வர வேண்டும். `LEFT JOIN` போட்டிருக்கிறேன், ஆனாலும் ஆர்டர் இல்லாதவர்கள் பட்டியலிலேயே வரவில்லை. அவர் போட்ட கோட் இது:

```sql
SELECT c.name, COUNT(*)
FROM customers c
LEFT JOIN orders o ON o.customer_id = c.id
WHERE o.created_at >= '2024-04-01'
GROUP BY c.id, c.name;
```

முதல் நிமிஷத்தில் வருகிற பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: `WHERE` வரியோடு `OR o.id IS NULL` சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர் ஓட்டிப் பார்க்கிறார், காணாமல் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், மகிழ்ச்சி, டிக். ஆனால் பதில் தப்பு. பார்த்தால் தப்பு என்று தெரியாது, சோதித்தால்தான் தெரியும், அதுவும் சரியான டேட்டாவை வைத்துச் சோதித்தால்தான்.

நல்ல பதில் எழுதுகிறவர் இந்த இடத்தில் பதிலை எழுதத் தொடங்கமாட்டார். முதலில் மூன்று ஆட்களை உருவாக்குவார். அமுதா, ஏப்ரல் 10இல் ஆர்டர் போட்டவர். பஷீர், போன டிசம்பரில் மட்டும் ஆர்டர் போட்டவர். செல்வி, ஆர்டரே போடாதவர். முதலாமவரும் மூன்றாமவரும் எல்லோருக்கும் தோன்றுவார்கள். நடுவில் நிற்கிற பஷீர்தான் இந்தக் கேள்வியின் உயிர்.

மூல கோடை ஓட்டினால் அமுதா மட்டும் வருகிறார். செல்விக்கு `LEFT JOIN` ஒரு வரி கொடுக்கத்தான் செய்கிறது, ஆர்டர் பக்கம் எல்லாம் `NULL` ஆக. பிறகு `WHERE` வந்து அந்த `NULL` தேதியை ஏப்ரல் 1உடன் ஒப்பிடுகிறது. `NULL` உடன் எதை ஒப்பிட்டாலும் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, தெரியாது என்றுதான் வரும். `WHERE` ஆம் என்று வந்த வரியை மட்டும் வைத்துக்கொள்ளும். ஆகவே செல்வி போய்விட்டார், `LEFT JOIN` எழுதியும் அது சாதாரண `JOIN` போலவே நடந்துகொள்கிறது.

இப்போது `OR o.id IS NULL` சேர்த்து ஓட்டுங்கள். செல்வி வருகிறார். பஷீர் வரவில்லை! அவருக்கு டிசம்பர் ஆர்டர் இருக்கிறது, அது ஜாயினில் பொருந்திவிட்டது, அதனால் அவர் வரியில் `NULL` கிடையாது, தேதியோ பழையது. இரண்டு நிபந்தனையிலும் அவர் தோற்கிறார். கேள்வி கேட்டவரின் சோதனை டேட்டாவில் ஒரு பஷீர் இல்லையென்றால் இந்தத் தவறு மாதக்கணக்கில் வெளியே தெரியாது, பழைய வாடிக்கையாளர்கள் மட்டும் ரிப்போர்ட்டில் இருந்து சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருப்பார்கள்.

தேதி நிபந்தனையை ஜாயின் நடக்கிற இடத்துக்கே கொண்டுபோவதுதான் வழி:

```sql
SELECT c.name, COUNT(o.id)
FROM customers c
LEFT JOIN orders o
  ON o.customer_id = c.id
 AND o.created_at >= '2024-04-01'
GROUP BY c.id, c.name;
```

இப்போது அமுதாவுக்கு 1, பஷீருக்கும் செல்விக்கும் 0. இன்னொரு மாற்றத்தைக் கவனித்தீர்களா? `COUNT(*)` இருந்த இடத்தில் `COUNT(o.id)` இருக்கிறது. முன்னது வரியை எண்ணும், `NULL` நிரம்பிய வரியும் ஒரு வரிதானே, அதனால் மூன்று பேருக்கும் 1 என்று காட்டும். நிபந்தனையை `ON` பக்கம் நகர்த்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன இரண்டாவது வேகப் பதில் இங்கேதான் வழுக்கும். கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, எல்லாருக்கும் 1 வருகிறதே என்று கமென்ட் போடுவார், பதில் போட்டவர் அதற்குள் வேறு கேள்விக்குப் போயிருப்பார்.

எல்லை எது என்றும் சொல்லிவிட வேண்டும். நிபந்தனை வாடிக்கையாளர் பற்றியது என்றால், உதாரணமாக மதுரைக்காரர்கள் மட்டும் வேண்டும் என்றால், அதை `ON` பக்கம் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் எல்லா ஊர்க்காரர்களும் வந்துவிடுவார்கள், மதுரை அல்லாதவர்களுக்கு 0 என்று போட்டபடி. வலது பக்க டேபிளைப் பற்றிய நிபந்தனை `ON` பக்கம், இடது பக்க டேபிளைப் பற்றியது `WHERE` பக்கம். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே பின்னால் வருகிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள், ஏனென்றால் அவர்களுடைய கேள்வி கொஞ்சம் வேறாக இருக்கும், டேபிள் பெயர் வேறாக இருக்கும், இந்த விதி மட்டும் அப்படியே பொருந்தும்.

இதையெல்லாம் எழுத எவ்வளவு நேரம்? மூன்று வரி டேட்டாவைப் போட்டு ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம், எழுத இன்னொரு பதினைந்து. அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் வேகக்காரர் டிக்கை வாங்கிக்கொண்டு போயிருப்பார், போகட்டும்.

எழுதும் வரிசையும் முக்கியம்தான். நான் ஆரம்பத்தில் செய்த தவறு, காரணத்தை முதலில் விளக்கி விடையைக் கடைசியில் வைப்பது. வகுப்பு எடுக்கிற பழக்கம், வேறென்ன. தேடி வந்தவர் ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் விழுந்துகிடக்கிற பதற்றத்தில் இருப்பார், அவருக்கு ஒட்டிப் பார்க்கக் கோட் வேண்டும், பிறகு நேரம் கிடைத்தால் ஏன் என்று படிப்பார். ஆகவே முதல் இரண்டு வாக்கியத்தில் என்ன கோளாறு, எதை மாற்ற வேண்டும். அடுத்து ஓடுகிற கோட். அதற்குக் கீழே காரணம். கடைசியில் இது எங்கே பொருந்தாது. எந்த வெர்ஷனில் சோதித்தீர்கள் என்று ஒரு வரி. டாக்குமென்டேஷனுக்கு லிங்க் கொடுப்பது நல்லது, ஆனால் லிங்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அந்தப் பதிலை அழித்தே விடுவார்கள். கடுமை மாதிரித் தோன்றும், ஆனால் லிங்க் செத்துப்போன பழைய பதிலில் போய் ஒரு முறை முட்டிக்கொண்டவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

உச்சியில் இருக்கிற உதாரணம் ஒன்று சொல்கிறேன். வரிசைப்படுத்திய அரேயைச் செயல்படுத்துவது வரிசைப்படுத்தாததைவிட ஏன் வேகமாக நடக்கிறது என்று 2012 ஜூனில் ஒருவர் கேட்டார். அதற்கு வந்த பதில் 30,000க்கும் மேல் ஓட்டு வாங்கிய பதில், தளத்திலேயே மிகப் புகழ்பெற்றவற்றில் ஒன்று. சிபியு ஒரு `if` வந்ததும் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டி ஊகித்து ஓடத் தொடங்கிவிடும், ஊகம் தப்பினால் பின்வாங்கி மறுபடி ஓட வேண்டும், அதில் நேரம் வீணாகும் என்பதுதான் விஷயம். அதை அந்தப் பதில் ரயில் தண்டவாளம் பிரிகிற இடத்தை வைத்து விளக்குகிறது. பழைய காலம், ரேடியோ கிடையாது, சுவிட்ச் போடுகிறவர் நீங்கள், வருகிற ரயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாது, நிறுத்திக் கேட்டால் கனமான வண்டி நின்று மறுபடி கிளம்ப எவ்வளவோ நேரம் ஆகும், ஆகவே ஊகித்துவிடுகிறீர்கள். எல்லோரும் இந்த உவமையைத்தான் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் பின்பாதி. `if` இல்லாமல் பிட் கணக்கால் அதே வேலையைச் செய்கிற கோடைக் கொடுத்து, வரிசைப்படுத்தியும் படுத்தாமலும் ஓட்டிய நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கம்பைலர் மாறினால் என்ன ஆகிறது என்றும் காட்டியிருப்பார். விளக்கம் சரியா என்று படிக்கிறவர் தானே ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓட்டுக்குப் 10 என்று பெருக்கினால் 3 லட்சத்துக்கு மேல் வர வேண்டும், அந்த 200 வரம்பு அதில் நிறையத் தின்றிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் சிக்குகிற இடம் வேறு. கேள்வி அரைகுறையாக இருக்கிறது, எந்த வெர்ஷன், என்ன எரர் என்று கேட்க வேண்டும், ஆனால் 50 புள்ளி இல்லாமல் அடுத்தவர் கேள்விக்குக் கமென்ட் போட முடியாது. உடனே அந்தச் சந்தேகத்தைப் பதில் பெட்டியில் எழுதிவிடுகிறார்கள். அது பதில் இல்லை என்று சொல்லி அழிக்கப்படுகிறது, கீழ் ஓட்டும் விழுகிறது, இது என்னடா இப்படி ஒரு இடம் என்று ஓடிவிடுகிறார்கள். நானும் ஒரு முறை ஓடினேன். அந்தக் கட்டத்தில் தகவல் முழுசாக இருக்கிற கேள்வியை மட்டும் தொடுவதுதான் புத்திசாலித்தனம். ஐந்து மேல் ஓட்டு வந்தால் 50 தாண்டிவிடும். இல்லையென்றால் மற்றவர் பதிவில் கோட் சிதறிக் கிடப்பதைச் சீராக்கி, திருத்தத்தைப் பரிந்துரைக்கலாம், ஏற்கப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி.

அப்புறம் டூப்ளிகேட் தலைவலி. மேலே பார்த்த `LEFT JOIN` கேள்வியையே இன்று யாராவது புதிதாகக் கேட்டால் சில நிமிஷத்தில் பழைய கேள்விக்கு லிங்க் கொடுத்து மூடிவிடுவார்கள், மூட வேண்டியதுதான். ஒரு டேகில் குறைந்தது 200 பதில் எழுதி, அவற்றால் 1000 ஓட்டுக்கு நிகராகச் சேர்த்தவருக்கு அந்த டேகின் தங்க பேட்ஜ் கிடைக்கும். அவர் தனி ஆளாகவே ஒரு கேள்வியை டூப்ளிகேட் என்று மூடலாம், மற்றவர்களின் ஓட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அங்கே இதைச் சுத்தியல் என்பார்கள். நூறு முறை கேட்கப்பட்ட கேள்விக்கு நூற்றியோராவது முறை பதில் எழுதிப் புள்ளி பொறுக்குபவரை இந்தச் சுத்தியல்காரர்களுக்குப் பிடிக்காது. பொறுக்கினால் கொஞ்சம் புள்ளி வரத்தான் செய்யும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த டேகில் நாலு வருஷமாகக் குடியிருப்பவர்கள் உங்கள் பெயரை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்பதும் ரெபுடேஷன்தானே. பழைய மூலக் கேள்விக்குப் போய், அங்கே இருக்கும் பதில்களில் பஷீர் விடுபட்டிருக்கிறாரா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் அங்கே ஒரு பதிலைச் சேர்ப்பது நல்லது. பழைய கேள்வி என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், தேடலில் வருவதே அதுதான். அறுபது நாளுக்கு மேல் பழசான கேள்விக்குப் பதில் எழுதி ஐந்து ஓட்டுச் சேர்த்தால் நெக்ரோமேன்சர் என்று ஒரு பேட்ஜ்கூட வைத்திருக்கிறார்கள், செத்ததை எழுப்புகிற மந்திரவாதி என்று பொருள்.

எங்கே பதில் எழுதுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கூட்டம் இருந்த நாட்களில் `python`, `javascript` மாதிரிப் பெரிய டேகில் ஆயிரம் பேர் காத்திருந்தார்கள், மிச்சமிருந்தது வேகப் போட்டிதான். நீங்கள் வேலையில் தினமும் புழங்குகிற குறுகிய விஷயம் ஒன்று இருக்கும், ஒரு பில்லிங் லைப்ரரியோ, ரிப்போர்ட் டூலோ, ஒரு டேட்டாபேஸின் ஏதோ ஒரு மூலையோ. அந்த டேகில் வாரத்துக்கு ஐந்து கேள்வி வரும், மூன்றுக்குப் பதிலே இருக்காது. அங்கே எழுதுகிற பதிலுக்கு முதல் வருஷம் இரண்டு ஓட்டு வந்தாலே அதிகம். ஆனால் அந்த எரர் வருகிற ஒவ்வொருவரும் வேறு வழியில்லாமல் உங்கள் பக்கத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஆபீஸில் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை நீங்களே கேள்வியாகப் போட்டு, நீங்களே பதிலும் எழுதலாம், அது விதிக்கு உட்பட்டதுதான், அதற்கென்றே தனிப் பெட்டி இருக்கிறது. கம்பெனி ரகசியத்தை எடுத்துவிட்டு, பத்து வரியில் அதே எரரை வரவழைக்கிற மாதிரி கோடைச் சுருக்குவதுதான் அதில் உண்மையான வேலை.

தப்பாக எழுதிவிட்டால்? எழுதுவோம், எல்லோரும் எழுதியிருக்கிறோம். பதிலுக்குக் கீழே ஒருவர் வந்து, இது டிசம்பர் ஆர்டர்காரருக்கு வேலை செய்யவில்லையே என்று கேட்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதை அந்த டேகில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேள்வியில் அப்படிக் கேட்கவில்லை என்று வாதம் பண்ணலாம். அல்லது ஓட்டிப் பார்த்து, அவர் சொன்னது சரியென்றால் பதிலையே திருத்தலாம். திருத்தும்போது மேலே திருத்தம் ஒன்று, திருத்தம் இரண்டு என்று அடுக்கிக்கொண்டு போகாதீர்கள், புதிதாகப் படிப்பவருக்கு அந்தச் சரித்திரம் வேண்டாம், பழைய வடிவம் எடிட் ஹிஸ்டரியில் பத்திரமாக இருக்கும். கீழ் ஓட்டுப் போட்டவர் கொஞ்ச நேரம் கடந்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது, பதில் திருத்தப்பட்டால்தான் முடியும். ஆகவே ஒழுங்காகத் திருத்தி, கமென்டில் சுட்டிக்காட்டியவருக்கு ஒரு வார்த்தை சொன்னால் அந்த −2 பல சமயம் +10 ஆக மாறித் திரும்பி வரும். அடியோடு தப்பென்றால் அழித்துவிடுங்கள், வெட்கமில்லை, போன புள்ளியும் திரும்பக் கிடைக்கும்.

குறுக்கு வழியையும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களுக்கு யோசனை சொல்லத்தான் போகிறார்கள். ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர்கள் நாலு பேர், ஒருவர் பதிலுக்கு மற்றவர் ஓட்டு. ஒரே கணக்கிலிருந்து ஒரே ஆளுக்குக் குறுகிய நேரத்தில் வரிசையாக ஓட்டு விழுவதைத் தளத்தின் நிரல் கண்டுபிடித்துத் தானாகவே திருப்பிவிடும், காலையில் எழுந்து பார்த்தால் ஏறிய 200 இறங்கியிருக்கும். தொடர்ந்தால் மனிதர்களே வந்து பார்ப்பார்கள், கணக்கு முடக்கப்படும். நல்ல நோக்கத்தில்கூட இது நடந்துவிடும். ஒருவர் பதில் பிடித்துப் போய் அவருடைய ப்ரொஃபைலைத் திறந்து வரிசையாகப் பத்துக்கு ஓட்டுப் போட்டால் அந்தப் பத்தும் வீண்.

கடைசியில் அந்த எண் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி. ஜான் ஸ்கீட், சி ஷார்ப் பதில்களுக்குப் பெயர் போனவர், 2018 ஜனவரியில் பத்து லட்சம் ரெப் தொட்ட முதல் ஆள். அவர் அளவுக்குப் போனால் எண் தானே பேசும். மற்றவர்களுக்கு எண் கொஞ்சம் ஏமாற்றும். 2009இல் கிட்டில் ஒரு கமிட்டை எப்படித் திரும்பப் பெறுவது என்கிற மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டவர்கள் இன்றுவரை உட்கார்ந்த இடத்தில் புள்ளி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கேள்விக்கான மேல் ஓட்டு 2010 முதல் 5 புள்ளியாக இருந்தது, 2019 நவம்பரில் மறுபடி 10 ஆக்கினார்கள், பழைய ஓட்டுகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டதால் ஒரே ராத்திரியில் பலருக்கு ஆயிரக்கணக்கில் ஏறியது, யாரும் புதிதாக எதுவும் எழுதாமலேயே.

நான் ஆள் எடுக்கும்போது யாராவது ரெஸ்யூமேயில் ப்ரொஃபைல் லிங்க் கொடுத்திருந்தால் மொத்த எண்ணைப் பார்ப்பதில்லை. எந்த டேகில் எழுதியிருக்கிறார் என்று பார்த்து, ஓட்டு அதிகம் வாங்கிய ஒன்றையும், இரண்டே ஓட்டு வாங்கிய மூன்று நாலு பதில்களையும் திறப்பேன். பதிலைவிட அதன் கீழே இருக்கும் கமென்டுகளைத்தான் முதலில் படிப்பது. போன முறை பார்த்த ஒருவருக்கு மொத்தமே 1,800 சொச்சம் ரெப்தான். ஒரு பதிலுக்குக் கீழே யாரோ, உங்கள் கோட் காலியான டேபிளில் உடைகிறது என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து இவர், ஆமாம், ஓட்டிப் பார்த்தேன், காரணம் இது, பதிலை மாற்றிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பதிலுக்கு அப்போது மூன்று ஓட்டு. இன்டர்வியூவில் நான் கேட்ட முதல் கேள்வி அந்தக் காலி டேபிளைப் பற்றித்தான், அரை மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.